“பழைய சாமானைக் காட்டுங்க”: நெல்லைப் பக்கம் கார் ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களுக்கு ஒரு பிராண்ட் வழிகாட்டி

வண்ணார்பேட்டையில் ஸ்பேர்ஸ் கடைக் கல்லாவில் இருந்த காலத்தில் ஒரு வகை ஆட்களை அடிக்கடி பார்ப்பேன். சாமான் வாங்க வரமாட்டார்கள். நாலாக மடித்த ஒரு பில்லைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, “அண்ணாச்சி, ஸ்விஃப்டுக்கு கிளட்ச் பிளேட் செட் என்ன விலை?” என்று மட்டும் கேட்பார்கள். விலையைச் சொன்னதும் பில்லைப் பார்ப்பார்கள். ஒன்றும் பேசாமல் போய்விடுவார்கள். அந்த பில்லைப் போட்ட ஒர்க்‌ஷாப்புக்கு அவர் இனி போகமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப்காரருக்குத் தெரியாது. வண்டி நன்றாக ஓடுகிறது, காசு வந்துவிட்டது, ஆள் மட்டும் ஏன் திரும்பவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

பிராண்ட் என்றதும் பலர் போர்டு, லோகோ, பையன்களுக்கு ஒரே நிறச் சட்டை என்று ஆரம்பிக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பைப் பொறுத்தவரை அதெல்லாம் கடைசி வேலை. வாடிக்கையாளர் பயப்படுவது இரண்டே விஷயத்துக்கு: மாற்றத் தேவையில்லாததை மாற்றிவிடுவார்களோ, மாற்றியதாகச் சொல்லி மாற்றாமலோ மட்டமானதைப் போட்டோ ஏமாற்றிவிடுவார்களோ. பானெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. “நாங்க நாணயமானவங்க” என்று எத்தனை பெரிய எழுத்தில் எழுதினாலும் அந்தப் பயம் போகாது, ஏமாற்றுகிறவனும் அதையேதான் எழுதியிருக்கிறான். அவரே தன் கண்ணால் சரிபார்க்கக்கூடிய ஏற்பாடு வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான்.

முதல் படி: கூலியைச் சரியாக வையுங்கள்

விளம்பரத்துக்கு முன்னால் இதைச் செய்தாக வேண்டும். ஏனென்றால் சாமான் விலையில் பொய் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பேராசை இல்லை, கூலி போதாமைதான். நம் பக்கம் கூலியைக் குறைவாகச் சொன்னால்தான் ஆள் வருவார் என்று ஒரு பழக்கம் உண்டு. ஆயிரத்து நானூறு கூலி என்று சொல்லிவிட்டு, வாடகையையும் பையன் சம்பளத்தையும் சாமான் விலைக்குள் ஒளித்து வாங்குகிறோம். அப்படி ஒளித்த பிறகு டப்பாவைக் காட்ட முடியாது, கடை பில்லைக் காட்ட முடியாது, கேள்வி கேட்டால் மழுப்ப வேண்டியிருக்கும்.

உங்கள் மணிக்கூலி என்ன என்று கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, பாளையங்கோட்டைப் பக்கம் மூன்று வண்டி நிற்கும் ஒரு ஷெட். மாதம் வாடகை 18,000. இரண்டு மெக்கானிக்குக்கு 44,000. ஹெல்பருக்கு 13,000. உங்கள் சொந்தச் சம்பளம் 35,000. இதை விடக் கூடாது, பலர் விட்டுவிடுகிறார்கள். கரண்ட், டூல்ஸ் தேய்மானம், வேஸ்ட் துணி, கடன் தவணை எல்லாம் சேர்த்து 20,000. மொத்தம் 1,30,000. இரண்டு மெக்கானிக்கும் 26 நாள், எட்டு மணி நேரம் என்றால் 416 மணி. ஆனால் சாமானுக்குக் காத்திருப்பது, வண்டியை ஓட்டிப் பார்ப்பது, டீ, சும்மா நிற்பது எல்லாம் போக பில் போடக்கூடியது 250 மணி வந்தால் பெரிது. 1,30,000-ஐ 250-ஆல் வகுத்தால் 520. கொஞ்சம் லாபம் சேர்த்து மணிக்கு 600 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த கிளட்ச் வேலையையே எடுப்போம். கணக்குப் புரிவதற்காக வரியை ஒதுக்கிவைக்கிறேன். பழைய முறையில், கடையில் 3,200-க்கு வாங்கிய செட்டை 5,600 என்று எழுதி, கூலி 1,400 போட்டால் பில் 7,000. உங்களுக்கு நிற்பது 3,800. புது முறையில், அதே செட்டை டப்பாவில் அச்சிட்ட எம்ஆர்பி 3,900-க்கே எழுதுங்கள். ஐந்து மணி நேர வேலைக்குக் கூலி 3,000. பில் 6,900. உங்களுக்கு நிற்பது 3,700. வாடிக்கையாளர் கொடுப்பதும் நீங்கள் பெறுவதும் ஏறக்குறைய அதேதான். ஆனால் இந்த பில்லை அவர் வண்ணார்பேட்டைக்குக் கொண்டுபோய் விசாரித்தாலும் உங்களுக்கு ஒன்றும் இல்லை.

ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பேர்ஸ் கடை கொடுக்கும் தள்ளுபடியை என்ன செய்வது என்று கேட்பார்கள். வைத்துக்கொள்ளலாம். சாமானை அலைந்து வாங்கியதும், அது பழுதானால் திருப்பிக் கொடுக்க ஓடுவதும் நீங்கள்தானே. யாராவது கேட்டால் “எங்களுக்குக் கடையில கழிவு உண்டு, உங்களுக்கு எம்ஆர்பிக்கு மேல ஒரு ரூவா கிடையாது” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை யாரும் அதற்குச் சண்டை போட்டதில்லை.

இங்கே ஒரு இடத்தில் எச்சரிக்கை. எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று தனியாகச் சேர்த்து வாங்குவது பல இடங்களில் நடக்கிறது, சிலர் தெரியாமலே செய்கிறார்கள். எம்ஆர்பி 4,720 என்றால் அதற்குள்ளே 4,000 சாமான் விலை, 720 வரி. பில்லில் அப்படித்தான் பிரித்துக் காட்ட வேண்டும், 4,720-க்கு மேல் வரி ஏறக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்கள் எல்லாமே 18 சதவீதத்துக்கு வந்துவிட்டதால் பிரிப்பது இப்போது சுலபம். பதிவு இல்லாதவரும் காம்போசிஷன் முறையில் இருப்பவரும் பில்லில் ஜிஎஸ்டி என்று தனி வரி வாங்கவே கூடாது. படித்த வாடிக்கையாளர் ஒருவர் இதைக் கண்டுபிடித்தால், மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் நேர்மையாக இருந்தும் பயனில்லை.

இரண்டாம் படி: சாமானின் தரத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும்

“ஒரிஜினல் போட்டிருக்கேன் அண்ணாச்சி” என்ற வாக்கியத்தை ஒர்க்‌ஷாப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். எது ஒரிஜினல் என்று ஆளுக்கொரு அர்த்தம். அதற்குப் பதில் எஸ்டிமேட்டில் மூன்று வரி எழுதுங்கள். ஒன்று, கார் கம்பெனியின் பெயர் போட்ட டப்பா. இரண்டு, கார் கம்பெனிகளுக்கு சப்ளை செய்யும் பெரிய தயாரிப்பாளர் தன் சொந்தப் பெயரில் விற்பது: கிளட்ச் என்றால் வேலியோ, லுக் மாதிரி. மூன்று, மற்ற கம்பெனி சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் பிராண்ட் பெயர், விலை, எத்தனை மாதம் நீங்கள் பொறுப்பு என்று எழுதுங்கள்.

இதில் உங்கள் அபிப்பிராயத்தையும் சொல்ல வேண்டும், அவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கக் கூடாது. என்னைக் கேட்டால் பிரேக், ஸ்டியரிங் சாமான்களில் மூன்றாவது வரியை எழுதவே வேண்டாம். “இதை நான் போடமாட்டேன்” என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு மதிப்பு உண்டு. கதவுக் கைப்பிடி, வைப்பர், மட்கார்டு லைனருக்கு மூன்றாவது வரியே போதும், அதையும் சொல்லுங்கள். மலிவானதை நீங்களே சிபாரிசு செய்யும்போதுதான் விலை உயர்ந்ததைச் சொல்லும் வார்த்தைக்கு எடை கூடும்.

மூன்றாம் படி: அளந்து காட்டுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிப் பெயர் வந்துவிடும்.

ஆலங்குளத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். குற்றாலம் போகிறார், பிரேக் பிடித்தால் “கிரீச்” என்கிறது. பேட் போச்சு, மாற்றணும் என்று சொல்லிவிடலாம், அவர் நம்பியும் விடுவார். சக்கரத்தைக் கழற்றி, பேடை வெளியே எடுத்து, வெர்னியர் காலிப்பரை அவர் கண் முன்னால் வைத்து, இரும்புத் தகட்டை விட்டுவிட்டுத் தேயும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். புதிதாக இருக்கும்போது பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மூன்றுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். இவருடையது ஐந்தரை என்று வைத்துக்கொள்வோம். சத்தம் தூசியாலும், பேடின் முகம் பளபளத்துப் போனதாலும், காலிப்பர் பின்னில் கிரீஸ் காய்ந்ததாலும் வந்திருக்கலாம். ஆடிக் காற்றில் நம் பக்கம் எவ்வளவு மண் பறக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, ஓட்டிப் பார்த்து, ஒரு மணி நேரக் கூலி 600 வாங்குங்கள்.

ஒன்று கவனம்: நான்கு பேடையும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் ஐந்தரை, மறு பக்கம் இரண்டு என்றால் பேட் மட்டும் பிரச்சினை இல்லை, அந்தப் பக்கம் காலிப்பர் இறுகியிருக்கிறது. வெளியே தெரியும் பேடை மட்டும் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று அனுப்பினால், நேர்மை என்ற பெயரில் ஆபத்தை அனுப்புகிறீர்கள். டிஸ்க்கையும் அளந்துவிடுங்கள். எந்தக் கனத்துக்குக் கீழே ஓட்டக் கூடாது என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அந்த எண்ணை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள்: தேதி, கிலோமீட்டர், முன் இடது 5.5, முன் வலது 5.5, மூன்றுக்கு வரும்போது மாற்றணும். அவர் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அங்கே “பேட் போச்சு” என்று சொன்னால் அந்த அட்டையை எடுத்துக் காட்டுவார். உங்கள் விளம்பரம் அங்கே நடக்கும்.

பேட்டரிக்கு டெஸ்டர் காகிதம், டயருக்கு ட்ரெட் அளவு, சஸ்பென்ஷன் சத்தத்துக்கு ஜாக்கியில் தூக்கி சக்கரத்தை அவர் கையாலேயே ஆட்டிப் பார்க்கச் சொல்வது என்று எல்லாவற்றுக்கும் இப்படி ஏதாவது உண்டு. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா, இடமும் வலமும் பிடித்தால் இருக்கிறதா என்பதில் பால் ஜாயின்ட்டா, டை ராட் எண்டா என்று ஓரளவு பிரிந்துவிடும். வீல் பேரிங் என்றால் இரண்டு பக்கமும் ஆடும். ஆட்டத்தைக் கையில் உணர்ந்தவர் விலையைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

நான்காம் படி: திறந்தால்தான் தெரியும் என்ற வேலைகள்

சண்டை அதிகம் வருவது இங்கேதான். கியர்பாக்ஸ், எஞ்சின், ஏசி, கிளட்ச். காலையில் ஏழாயிரம் என்கிறோம், சாயங்காலம் பன்னிரண்டாயிரம் ஆகிறது, “திறந்து பார்த்தோம், உள்ள இதுவும் போயிருக்கு” என்கிறோம். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் கேட்பவருக்கு ஏமாற்று மாதிரியேதான் இருக்கும்.

எஸ்டிமேட்டை இரண்டாக உடையுங்கள். முதலாவது திறந்து பார்க்கும் கூலி: கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க 1,500, வேண்டாம் என்றால் திரும்ப மாட்டித் தர இன்னும் 1,000, இதற்கு மேல் இல்லை. வேலை தொடர்ந்தால் அந்த 1,500 மொத்தக் கூலிக்குள் அடங்கும். இரண்டாவது, உள்ளே என்னென்ன வரலாம் என்று முன்கூட்டியே எழுதுவது. கிளட்ச் என்றால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் நிச்சயம். ஃப்ளைவீல் கோடு விழுந்திருந்தால் லேத் வேலையோ மாற்றமோ. கிராங்க் ஆயில் சீல் கசிந்தால் அதுவும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தொகை. எல்லாமே வந்தால் அதிகபட்சம் இவ்வளவு என்று கீழே ஒரு எண்.

இறக்கிய பிறகு நிறுத்துங்கள். வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதில் வந்த பிறகுதான் அடுத்த நட்டில் ஸ்பேனர் போட வேண்டும். இது நம் பக்கம் ரொம்ப முக்கியம். மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ வண்டியைக் கொண்டுவந்து விடுவது அப்பா, காசு போடுவது துபாயிலோ சவுதியிலோ இருக்கும் மகன். அப்பா வீட்டுக்குப் போய் “என்னமோ சீலுங்காங்க, பேரிங்குங்காங்க” என்று சொன்னால் மகனுக்குச் சந்தேகம்தான் வரும். நேரே மகனுக்கே படம் போனால், கோடு விழுந்த ஃப்ளைவீலை அவனே பார்த்துவிடுவான். வண்டி வரும்போதே “காசு விஷயம் யார்கிட்ட பேசணும் அண்ணாச்சி?” என்று கேட்டு அந்த எண்ணை ஜாப் கார்டில் எழுதிவிடுங்கள்.

பதில் வராவிட்டால்? வேலை நிற்கும், வண்டி இடத்தை அடைக்கும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். “நீங்க போன் எடுக்கல, அதான் நாங்களே மாத்திட்டோம்” என்ற ஒரு வாக்கியம் போதும், அதுவரை சேர்த்த பெயர் எல்லாம் போய்விடும்.

ஐந்தாம் படி: பழைய சாமான் தட்டு

பழைய சாமானைக் காட்டுவது புதிதில்லை, பலர் காட்டுகிறார்கள். ஆனால் வாடிக்கையாளர் மனதில் ஓடுவது, “இது என் வண்டியில இருந்ததுதானா?” ஷெட் மூலையில் கிடக்கும் எவன் வண்டி பேரிங்கையோ காட்டிக் காசு வாங்கிய கதை ஊரில் நிறைய உண்டு.

அதனால் கழற்றும் முன்பே, சாமான் வண்டியில் இருக்கும்போதே, வெள்ளை பெயின்ட் மார்க்கரால் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை அதன் மேல் எழுதி ஒரு போட்டோ எடுங்கள். கழற்றிய பிறகு அதே எழுத்தோடு தட்டில் வையுங்கள். கிளட்ச் பிளேட் மாதிரி உள்ளே இருப்பதை முன்கூட்டி எழுத முடியாது, அதற்கு இறக்கும் வீடியோவே சாட்சி. பக்கத்தில் புதிய சாமானின் காலி டப்பா. டெலிவரி நேரத்தில் காசுக்கு முன்னால் தட்டு வர வேண்டும்.

சில சாமான்களைக் கொடுக்க முடியாது, அல்லது கொடுத்தால் விலை மாறும். பழைய பேட்டரிக்கு எக்ஸ்சேஞ்ச் விலை உண்டு, அந்தக் கழிவை பில்லில் தனியாக எழுதிக் காட்டுங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்டர் மோட்டார் ரீகண்டிஷனில் மாற்றினால் பழையது கடைக்குப் போகும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்டலிடிக் கன்வர்டருக்குள் விலையுயர்ந்த உலோகம் இருப்பது இப்போது பலருக்குத் தெரியும், அதைக் கேட்காமலே கையில் கொடுத்துவிடுங்கள். ஆயிலுக்கு, சீல் உடையாத கேனை அவர் முன்னால் உடைத்து ஊற்றி, மிச்சத்தை அவரிடமே கொடுங்கள். சின்ன பெட்ரோல் கார்களுக்கு மூன்று லிட்டரும் கொஞ்சமும்தான் பிடிக்கும், நாலு லிட்டர் கேனில் மிச்சம் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காலி கேனை வெட்டிப் போடுங்கள், டூப்ளிகேட் ஆயில்காரனுக்குப் போய்ச் சேரக் கூடாது.

ஆறாம் படி: பில் கொடுக்கும் நேரம்

“பார்த்துப் போட்டுக் குடுங்க” என்பார்கள். உடனே ஐந்நூறைக் குறைத்துவிடுவது நம் வழக்கம், மரியாதைக்காகத்தான். ஆனால் அந்த ஐந்நூறு, முதலில் சொன்ன விலையில் ஐந்நூறு அதிகம் இருந்தது என்பதற்கு நீங்களே கொடுக்கும் வாக்குமூலம். அடுத்த முறை ஆயிரம் கேட்பார், கேட்கத் தெரியாதவர் ஏமாந்தவர் ஆகிவிடுவார். ஒரு தடவைக்கு மேல் குறைக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஒரு தடவைகூட வேண்டாம். “அண்ணாச்சி, எல்லாருக்கும் இதே கணக்குதான், இந்தா பாருங்க டப்பா விலை, இந்தா மணிக்கூலி” என்று காட்டுங்கள். மனது கேட்கவில்லையா, ஒரு வாட்டர் வாஷ் போட்டுக் கொடுங்கள்.

குற்றால சீசனில் கேரள நம்பர் வண்டி வந்து நின்றால், திரும்ப வரப்போவதில்லை என்ற நினைப்பில் கூடப் போடத் தோன்றும். உங்கள் பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்று அவர்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுப்பதை நாளைக்கு பாளையங்கோட்டைக்காரரிடம் செய்வார்கள்.

கையெழுத்துச் சீட்டாக இருந்தாலும் பில் கட்டாயம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிகம்.

ஏழாம் படி: இப்போது போர்டு

முதலில் போர்டில் உள்ள கார் கம்பெனி லோகோக்களை அழியுங்கள். எந்தக் கம்பெனியும் உங்களுக்கு அங்கீகாரம் தரவில்லை என்றால், அது கடை வாசலிலேயே நிற்கும் முதல் பொய். வணிகச் சின்னப் பிரச்சினையும் வரும். “மாருதி, ஹூண்டாய், டாடா கார்கள் பழுது பார்க்கப்படும்” என்று எழுத்தில் எழுதினால் போதும். அப்பா வைத்த பெயரோ சாமி பெயரோ, கடைப் பெயரை மாற்ற வேண்டாம். மிச்ச இடத்தில் மூன்று வரி: மணிக்கூலி 600. எம்ஆர்பிக்கு மேல் இல்லை. பழைய சாமானும் புது டப்பாவும் உங்கள் கையில். அதற்குக் கீழே அடிக்கடி வரும் பத்து வேலைகளின் கூலி.

கூகுளில் யாராவது திட்டி எழுதினால் சண்டை போடாதீர்கள். தேதி, எஸ்டிமேட் தொகை, பில் தொகை, அவர் ஒப்புதல் தந்த விஷயம் இவற்றை நாலு வரியில் எழுதுங்கள், பெயரும் வண்டி எண்ணும் வேண்டாம். படிப்பவர்கள் திட்டியவரை மட்டும் பார்ப்பதில்லை, உங்களிடம் கணக்கு இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

எங்கே இடிக்கும்

ஆக்டிங் டிரைவர்களிடம் இடிக்கும். முதலாளி வண்டியைக் கொண்டுவந்து, “எனக்கு என்ன பார்ப்பீங்க?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பத்து சதவீதம் கொடுத்தால் அது சாமான் விலையில்தான் ஏற வேண்டும், முதல் படியில் செய்த வேலை வீணாகிவிடும். கமிஷன் கிடையாது, டீயும் சாப்பாடும் உண்டு என்று சொன்னால் சிலர் வண்டியை அடுத்த ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆரம்பத்தில் அந்த வேலை குறையும், அதற்குக் கையில் இரண்டு மூன்று மாத வாடகை இருக்கும்போது இதைத் தொடங்குங்கள். எஸ்டிமேட்டை டிரைவருக்கும் முதலாளிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் கேள்வியே பாதி குறைந்துவிடும்.

பலன் வருகிறதா என்பதைக் கல்லாவில் பார்க்காதீர்கள், அது மெதுவாகத்தான் தெரியும். ஜாப் கார்டில் இரண்டு விஷயத்தைக் குறித்து வாருங்கள். ஒன்று, “இப்போ மாத்த வேண்டாம்” என்று அனுப்பியவர்களில் எத்தனை பேர் மாற்றும் நேரத்தில் உங்களிடமே வந்தார்கள். இரண்டு, எத்தனை பேர் வேலை முடியும்வரை பக்கத்தில் நின்று காவல் காக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதல் எண் ஏறாமல் இருந்தால் அளவு அட்டையை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். இரண்டாவது ஏறாவிட்டால் பையன்கள் யாரோ நீங்கள் இல்லாத நேரத்தில் தட்டை வைக்கவில்லை, போய்ப் பாருங்கள்.